அடிசேர்ந்த நாள்

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த 'பொய் சொல்லும் சொற்கள்' என்ற கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். துஞ்சினார், இறைவனடி சேர்ந்தார், மறைந்தார் எல்லாம் சாவுக்குப் போர்த்திய பட்டு, கவிஞன் துணிந்து 'இறந்தார்' என்று எழுதவேண்டும் என்கிறார் கட்டுரையாளர். கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் கையில் எடுத்த கத்தியே பட்டுறையில்தான் கிடக்கிறது. 'இறத்தல்' என்றால் பழைய தமிழில் கடத்தல். 'இறந்தார்வாய் இன்னாச்சொல் நோற்கிற்பவர்' என்ற குறளில் (159) வரும் இறந்தார் செத்தவர் இல்லை, வரம்பு கடந்து பேசுபவர். 'கடந்து போனார்' என்ற சுற்றுவழிச் சொல்தான் தேய்ந்து தேய்ந்து இன்று நேர்ச்சொல்லாக நிற்கிறது.

நான் வகுப்பில் பல வருடம் இதைப் படிப்பித்தவன். தகுதி வழக்கில் மங்கலம் என்று ஒன்று, உதாரணம் 'செத்தாரைத் துஞ்சினார் என்றல்'. பிள்ளைகள் எழுதுவார்கள், நான் சரி போடுவேன். அந்தச் சொல் எதை மறைக்கிறது என்று அந்த நாளில் நானும் கேட்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

புறநானூற்றில் அரசர்களின் பெயரைப் பாருங்கள். குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், குராப்பள்ளித் துஞ்சிய பெருந்திருமாவளவன், இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன். 'துஞ்சிய' மென்மையான சொல்தான். ஆனால் அதற்கு முன்னால் ஓர் இடம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. எப்படிச் செத்தான் என்பதை மறைத்துவிட்டு, எங்கே என்பதை மட்டும் விடாமல் சொல்லும் ஏற்பாடு இது.

சிலவேளை அந்த மறைப்பும் கிழிந்துபோகும். புறநானூறு 74ஆம் பாட்டின் கீழுள்ள குறிப்பில், சேரமான் கணைக்கால் இரும்பொறை சோழன் செங்கணானிடம் பிடிபட்டு, குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கிடந்து, 'தண்ணீர் தா' என்று கேட்டு உடனே பெறாமல், பிறகு கிடைத்ததைக் கையில் வைத்தபடி குடிக்காமல், இந்தப் பாட்டைச் 'சொல்லித் துஞ்சிய'தாக இருக்கிறது. தாகம், சிறை, அவமானம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில் மட்டும் 'துஞ்சிய'. அவனைப் பொய்கையார் களவழி பாடி மீட்டார் என்று இன்னொரு மரபும் உண்டு. அப்படியானால் இந்தத் துஞ்சல் சாவா, வெறும் மயக்கமா? ஒரு மங்கலச் சொல்லால் ஓர் அரசனின் முடிவே சந்தேகத்தில் தொங்குகிறது. கட்டுரையாளர் இதை எடுத்துக் காட்டியிருந்தால் நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருப்பேன்.

என் தொழிலுக்கு வருகிறேன். ஓய்வுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் அந்தியேட்டிக் கல்வெட்டுகளுக்குத் திதி வெண்பா எழுதிக் கொடுக்கிறேன். செத்த முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டியன்று வீட்டில் படிக்கும் நினைவுப் புத்தகத்தைத்தான் நாங்கள் கல்வெட்டு என்கிறோம். கல்லும் இல்லை, வெட்டும் இல்லை, வெறும் கடதாசி. அதில் தேவாரம் இருக்கும், மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் இருக்கும். அவற்றில் கொஞ்சம் கூட்டிக் குறைத்து எழுதினாலும் ஒருவரும் கேட்கமாட்டார்கள். திதி வெண்பாவில் பிழை விடமுடியாது. ஆட்டைத் திவசம் அதைப் பார்த்துத்தான் செய்வார்கள். ஆண்டின் பெயர், மாதம், வளர்பிறையான பூர்வபக்கமா தேய்பிறையான அபரபக்கமா, என்ன திதி, இவ்வளவும் நாலு அடிக்குள் வரவேண்டும். வெண்பாவின் ஈற்றுச் சீருக்கு இலக்கணம் விட்டிருப்பது நாள், மலர், காசு, பிறப்பு என்ற நாலு வாய்பாடுதான். அதனால் முக்கால்வாசித் திதி வெண்பாவை நான் 'நாள்' என்றே முடிப்பேன்.

இதில் ஒரு வேடிக்கை. 'ஆண்டு' என்று தொடங்கினால் இரண்டாம் அடிக்கு எதுகையாக முதலில் நாக்கில் வருவது 'மாண்ட'. பழந்தமிழில் அது சிறந்த என்ற பொருளும் தரும். பிசிராந்தையார் 'மாண்டவென் மனைவியொடு மக்களும் நிரம்பினர்' என்று பாடியது உயிரோடு இருந்த மனைவியைத்தான். ஆனால் செத்த வீட்டில் அதை எழுதினால் அடிதான் விழும். ஆகவே பூண்ட, நீண்ட, வேண்டு என்று சுற்றிப் போகிறோம். மங்கலம் பாதி மரியாதை, பாதி யாப்புப் பிரச்சினை.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் வந்தார். தகப்பன் 2009 மேயில், போரின் கடைசி நாட்களில் செத்தவர். அப்போது முகாமில் இருந்ததால் முப்பத்தோராம் நாள் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. இப்போதாவது ஒரு கல்வெட்டு அடிக்கவேண்டும் என்றார். திதி கேட்டேன். "பதினேழோ பதினெட்டோ, மாஸ்டர்" என்றார். பதினேழு என்றால் அட்டமி, பதினெட்டு என்றால் நவமி. ஒரு நாள் பிசகினால் வருடாவருடம் திவசம் பிழைக்கும். பஞ்சாங்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, அன்று சாப்பிட்டது என்ன, நிலவு இருந்ததா, வெளிச்சம் வந்த பிறகா என்றெல்லாம் கேட்டேன். விசாரணை நடத்துகிறவன் மாதிரி எனக்கே கூச்சமாக இருந்தது. விடிந்து, ஆட்களின் முகம் தெரிந்த பிறகுதான் என்பது கடைசியில் அவருக்கு நினைவு வந்தது. சரி, பதினெட்டு. இரண்டு நாளில் இதை எழுதிக் கொடுத்தேன்:

ஆண்டு விரோதி அணிவைகா சித்திங்கள்
பூண்ட அபர நவமியே – ஈண்டு
உறவெல்லாம் கண்ணீர் உகுக்கவெம் அப்பு
இறைவன் அடிசேர்ந்த நாள்.

விரோதி என்பது நான் தேடிப் போட்ட சொல் இல்லை. அறுபது வருடச் சுற்றில் அந்த வருடத்தின் பெயரே அது. எவ்வளவு மெதுவாகச் சொல்ல நினைத்தாலும் முதல் அடியிலேயே பஞ்சாங்கம் அதைச் சொல்லிவிட்டது.

அவர் 'இறைவன் அடிசேர்ந்த' என்ற இடத்தில் நிற்கவே இல்லை. கட்டுரையாளர் கவனிக்கவேண்டியது இதைத்தான். விரலை வைத்தது மூன்றாம் அடியில். "ஆர் மாஸ்டர் அழுதது? நாங்கள் அழேல்ல. அவரை அதில விட்டிட்டு ஓடினனாங்கள்." பிறகு இரண்டாம் அடிக்கு வந்தார். "ஈண்டு எண்டா என்ன?" இங்கே என்றேன். "இங்க இல்ல. வட்டுவாகல் பாலத்துக்கு இந்தப் பக்கம்."

அந்தப் பாலத்தைக் கடந்துதான் அன்று சனம் போர்க்களத்தை விட்டு வெளியே போனது. எனக்குச் சுரீரென்றது. நான் பொய் சொன்ன இடம் சாவைப் பற்றிய சொல்லில் இல்லை. அது எல்லாருக்கும் தெரிந்த, ஒருவரையும் ஏமாற்றாத சொல். நூறு கல்வெட்டில் எழுதிக் கைபழகிப்போன 'உறவெல்லாம் கண்ணீர் உகுக்க'வும், எதுகைக்காக நுழைத்த 'ஈண்டு'வும்தான் பொய். அடுத்த கிழமை அவரை வரச் சொல்லி மாற்றிக் கொடுத்தேன். 'ஆண்டு' என்ற சொல்லுக்கு வருடம் என்றும் பொருள், அங்கே என்றும் பொருள். முதல் சொல்லையே தனிச்சொல்லாகத் திருப்பி வைத்தேன்.

ஆண்டு விரோதி அணிவைகா சித்திங்கள்
பூண்ட அபர நவமியே – ஆண்டு
உறவெல்லாம் ஓட ஒருதனியாய் அப்பு
இறைவன் அடிசேர்ந்த நாள்.

கடைசி அடி முன்னிருந்தபடியே இருக்கிறது. ஆனால் மூன்றாம் அடி மாறியதும் அதன் குரல் மாறிவிட்டது. எல்லாரும் விட்டுப்போன ஒருவரை யாராவது ஒருவர் ஏற்றுக்கொண்டாரே என்ற ஆறுதலாக நான் எழுதினேன். மகள் அதை அப்படி வாசித்தாரா, குற்றமாக வாசித்தாரா தெரியாது. இரண்டு தரம் வாசித்துவிட்டு அச்சுக்குக் கொடுக்கச் சொன்னார். அந்த இடத்தில் 'செத்த நாள்' என்று நேராக எழுதியிருந்தால் இவ்வளவு சொல்லியிருக்குமா? எனக்குத் தோன்றவில்லை.

கட்டுரையாளர் பக்கம் நிற்கவேண்டிய இடங்களும் இங்கே உண்டு. போர்க்காலப் பாட்டுகளில் செத்த போராளியின் உடல் வித்துடல், புதைத்தல் விதைத்தல், கிடக்கும் இடம் துயிலும் இல்லம். துயில் என்பது துஞ்சலின் தங்கச்சிதான், அதற்குக் கல்லும் பெயரும் இருந்தவரை தாய்மார் போய் விளக்கு வைத்தார்கள். 2009க்குப் பிறகு அந்தக் கற்களை இடித்து மட்டமாக்கினார்கள், துயிலுக்கு இடம் போயிற்று. அது ஒரு கொடுமை. ஆனால் 'வித்து' என்ற சொல்லோடு எனக்கு அப்போதே ஒத்துவரவில்லை. விதைத்தவன் யார், விதைக்கப்பட்ட பிள்ளைக்கு என்ன வயது என்ற கேள்வியை அந்தச் சொல் வாயிலேயே அடைத்துவிடுகிறது. என் வகுப்பு வாங்கு சில அப்படி வெறுமையானவை. 'துஞ்சினார்' ஒருவரை உறங்க விடுகிறது. 'வித்து' செத்த பிறகும் அவரிடம் வேலை வாங்குகிறது.

அப்புறம் 'மறைந்தார்'. இந்தச் சொல்லை நான் இப்போது எந்தக் கல்வெட்டிலும் எழுதுவதில்லை. வேறு ஊரில் அது மரியாதைச் சொல்லாக இருக்கலாம். கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னால் 2017 பெப்ரவரி 20 முதல் உட்கார்ந்த தாய்மார் 'காணாமல் போனவர்' என்று சொல்ல விடமாட்டார்கள், 'காணாமல் ஆக்கப்பட்டவர்' என்றே சொல்வார்கள். போனால் போனவன் பொறுப்பு, ஆக்கினால் ஆக்கியவன் பொறுப்பு. அப்படி ஒரு வினைச்சொல்லுக்காக வெயிலில் இருந்தவர்களின் ஊரில், சாவுக்கு அடையாளமாக 'மறைவு' என்று எழுத எனக்குக் கை வராது. இங்கே மறைந்தார் என்றால் மறைந்தார்தான்.

அப்படி ஒரு தாய், பக்கத்து ஒழுங்கைக்காரி, போன வருடம் என்னிடம் வந்தார். மகன் போர் முடிவில் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவன். அவனுக்கு ஒரு வெண்பா வேண்டும் என்றார். நான் பஞ்சாங்கத்தைத் தொடவும் பயந்து, "எந்தத் திதிக்கு அக்கா?" என்று இழுத்தேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அவன் பிறந்த திதிக்கு, மாஸ்டர். அது எனக்கு வடிவாத் தெரியும்."

எழுதிக் கொடுத்தேன். ஈற்றுச் சீர் 'பிறப்பு'.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
புதுக்குடியிருப்பு.