மஞ்சள் தண்ணீரும் இரண்டு மொழிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அறிவியல் வகுப்பில் தமிழையும் ஆங்கிலத்தையும் கலந்து நடத்துவது பற்றி ஓர் ஆசிரியர் எழுதிய கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். ஆங்கில வழி வகுப்பில் தமிழுக்குத் தாவும்போதெல்லாம் மனம் உறுத்துவதாக எழுதியிருந்தார். பேரணாம்பட்டுப் பக்கம் நானும் அதே வேலையைத்தான் செய்கிறேன். உறுத்த வேண்டியதில்லை. பாடத்தின் எந்த இடத்தில் தாவுகிறோம் என்பதுதான் கேள்வி.

எட்டாம் வகுப்பு அமிலம், காரம் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் கரைத்த தண்ணீரில் தெளிந்த சுண்ணாம்பு நீரை ஊற்றினால் சிவக்கும். அதில் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டால் மறுபடி மஞ்சளாகும். காரணம் கேட்டால், "ஆசிட் நியூட்ரலைசஸ் பேஸ்" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். சரியான விடைதான். அதோடு விட்டுவிட்டால் யாருக்கு என்ன புரிந்தது என்று தெரியாது. "சிவப்பு எங்கே போச்சு?" என்று தமிழில் கேட்டேன். "எலுமிச்சை சாயத்தை வெளுத்துடுச்சு மிஸ்" என்றாள் ஒரு பெண். பலரும் தலையாட்டினார்கள். அந்த ஆங்கில வாக்கியத்தின் அடியில் இந்தத் தவறான எண்ணம் பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

நான் திருத்தவில்லை. எப்படிச் சோதிக்கலாம் என்று மட்டும் கேட்டேன். "வெளுத்திருந்தா திரும்பச் சிவக்காது, இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணி ஊத்திப் பாக்கலாம்" என்றான் ஒரு பையன். ஊற்றினோம், சிவந்தது. சோதனையை யோசித்துச் சொல்லும் அளவுக்கு அந்தப் பையனுக்கு ஆங்கிலம் இன்னும் வரவில்லை.

அதன்பிறகுதான் ஆங்கிலம். பார்த்ததை அவரவர் சொந்த வாக்கியத்தில் எழுதச் சொல்வேன். பரீட்சைக்காக மட்டும் அல்ல. எழுதும்போது இன்னொரு தவறும் வெளியே வந்தது: மஞ்சளாக இருந்தால் அது அமிலம் என்று பாதிப் பேர் எழுதியிருந்தார்கள். வெறும் தண்ணீரிலும் மஞ்சள் மஞ்சளாகத்தானே இருக்கும்! காரத்தை மட்டுமே அது காட்டிக்கொடுக்கும். அமிலமா என்று பார்க்க நீல லிட்மஸ் தாள் வேண்டும்.

வரிக்கு வரி ஆங்கிலத்தில் படித்து உடனே தமிழில் சொல்லும் பழக்கத்தை மட்டும் நான் ஏற்கமாட்டேன். ஆங்கில வரி ஓடும்போது பிள்ளைகள் வேடிக்கை பார்க்கிறார்கள், தமிழ் வந்ததும் நிமிர்கிறார்கள். இரண்டு நாள் கவனித்தாலே இது தெரிந்துவிடும்.

எங்கள் பக்கத்தில் வீட்டுமொழி என்றால் தமிழ் மட்டும் அல்ல. உருது, தெலுங்கு பேசும் வீடுகள் நிறைய. அதனால் ஆரத்தித் தட்டை உதாரணம் காட்டுவதில்லை. குழம்புக் கறை பட்ட சட்டையில் சோப்பு போட்டால் சிவப்பதை எல்லா வீட்டுப் பிள்ளைகளும் பார்த்திருக்கிறார்கள். குழுவுக்குள் உருதுவில் பேசிக்கொள்ளட்டும், ஒருவர் எழுந்து எல்லோருக்கும் தமிழில் சொன்னால் போதும் என்று விட்டுவிடுகிறேன்.

கட்டுரையாளர் தம் பாடம் ஒன்றை எடுத்து, எந்தக் கேள்வியைத் தமிழில் கேட்டார், எதை ஆங்கிலத்தில் எழுதவைத்தார் என்று அடுத்த இதழில் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியை,
பேரணாம்பட்டு, வேலூர் மாவட்டம்.