மேலுக்குச் சுகமில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேக்கா வட்டாரத்துப் பழைய மளிகைக்கடைகளைப் பற்றிச் சென்ற ஞாயிறு தாங்கள் வெளியிட்ட கட்டுரையில் என் தாயாரும் பேசியிருக்கிறார். படம் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் அவர் சொன்னதாக மேற்கோள் குறிக்குள் அச்சாகியிருக்கும் இரண்டு வரிகளால் என் சித்தப்பா எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்.

அச்சானது இது: “அவர்களுக்கு மேலுக்குத்தான் சுகமில்லை. அதனால் நானே கடையைத் திறந்தேன்.”

அந்தக் கடையை என் தந்தையும் அவருடைய தம்பிகள் இருவரும் சேர்ந்து நடத்தினார்கள். இதைப் படிப்பவர் என்ன நினைப்பார்? கொழுந்தனார்கள் நோய் என்று பாசாங்கு செய்தார்கள், வேறு வழியில்லாமல் இந்த அம்மாள் தனியாகக் கடையைத் திறந்தார் என்றுதானே? சித்தப்பாவும் அப்படித்தான் படித்தார். “இத்தனை வருடமாக இதைத்தான் மனத்தில் வைத்திருந்தீர்களா, மதினி?” என்று தொலைபேசியில் கேட்டார். என் தாயாருக்கு வயது 83. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

பேட்டி நடந்தபோது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என் தாயார் தென்காசிப் பக்கத்துக்காரர். அவர் வாயிலிருந்து வந்த சொற்கள் இவை: “அவுகளுக்கு மேலுக்குச் சுகமில்ல. அதனால நாந்தான் கடையத் தொறந்தேன்.” ‘அவுக’ என்றது என் தந்தையை. கணவர் பெயரைச் சொல்லாத தலைமுறை அது. பேச்சில் மரியாதைக்காக வரும் பன்மை எழுத்தில் ‘அவர்’ ஆக வேண்டும். தங்கள் செய்தியாளர் ‘அவர்கள்’ என்று எழுதியதும் ஒரு மனிதர் மூன்று பேராகிவிட்டார். ‘மேல்’ என்றால் எங்கள் பக்கத்தில் உடம்பு. மேல் வலிக்கிறது என்போம், குளித்துவிட்டு வருவதை மேல் கழுவிவிட்டு வருவது என்போம். எழுத்துத் தமிழிலோ ‘மேலுக்கு’ என்றால் ஒப்புக்கு, வெளிப் பார்வைக்கு என்று பொருள். ஆகவே உடம்பு சரியில்லாதவர் நடிப்பவராகிவிட்டார்.

இவை இரண்டும் தெரியாமல் நேர்ந்தவை. மூன்றாவதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குப் புரியவில்லை. என் தாயார் ‘நாந்தான்’ என்றார். அங்கே இருந்த ‘தான்’ அச்சில் காணாமல் போய், அவர் சொல்லாத இடத்தில், ‘மேலுக்கு’ என்பதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாக்கியம் பொருள்படவில்லை என்று யாரோ சரிசெய்திருக்கிறார்கள் என்றே ஊகிக்கிறேன். மேலும், ‘நான்தான் திறந்தேன்’ என்பது யார் திறந்தது என்பதற்கு விடை. ‘நானே திறந்தேன்’ என்பதில் யாரும் துணைக்கு வரவில்லை என்ற குறை ஒலிக்கிறது. அந்தக் குறை என் தாயாருடையதன்று.

எழுதியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: “அவருக்கு உடம்புக்குச் சுகமில்லை. அதனால் நான்தான் கடையைத் திறந்தேன்.” 

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று தாங்கள் கேட்கமாட்டீர்கள். இருந்தாலும் சொல்கிறேன். முதியவர்களின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தில் இறக்கும் வேலையைப் பல ஆண்டுகள் செய்தேன். எங்கள் வழக்கம், முதலில் காதில் விழுந்ததை விழுந்தபடியே ஒரு தாளில் எழுதிவிடுவது. எழுத்துத் தமிழ் இரண்டாம் தாளில்தான் வரும். வினையின் விகுதியும் உச்சரிப்பும் அங்கே மாறலாம், சொல்லும் சொல்லின் வரிசையும் மாறக்கூடாது. ‘தொறந்தேன்’ திறந்தேன் ஆகலாம். படித்தவர், படிக்காதவர் என்று பாராமல் பெரும்பாலோர் வாயில் அது தொறந்தேன்தான். அதை அப்படியே அச்சிட்டால் பேசியவரின் ஊர் தெரியாது, அவருக்கு எழுதத் தெரியாது என்ற தோற்றம் மட்டுமே மிஞ்சும். ஆனால் ‘பைய நடந்து போனோம்’ என்று ஒருவர் சொன்னால் அந்தப் ‘பைய’வை மெதுவாக என்று மாற்றமாட்டோம். குறளில் 1098-ஆவது பாட்டில் ‘பைய நகும்’ என்று இருக்கும் சொல் அது. படிப்பவருக்குப் பொருள் தெரியாவிட்டாலும் தவறான பொருள் தோன்றாது. ‘மேல்’ அப்படியன்று. எழுத்தில் அதற்கு வேறு பொருள் காத்திருப்பதால் அதை மட்டும் மாற்றியே ஆகவேண்டும். ஐயமாக இருந்தால் மேற்கோள் குறியை எடுத்துவிட்டு, கணவருக்கு உடல்நலமில்லாத நாளில் தாம் கடையைத் திறந்ததாக அவர் கூறினார் என்று செய்தியாளரின் நடையிலேயே எழுதிவிடலாம். குறிக்குள் இருப்பது அவர் வாக்கு என்றுதானே வாசகர் நம்புகிறார்?

எழுதத் தொடங்கிவிட்டேன், பழையதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கட்டுமானத் தளம் ஒன்றைப் பற்றித் தாங்கள் ஒரு கட்டுரை வெளியிட்டீர்கள். அதில் ஊழியர் சொன்னவை ‘வந்துட்டேன்’, ‘கெடச்சுது’, ‘அனுப்பிட்டு இருக்கேன்’ என்று இருந்தன. அடுத்த பத்தியில் அவருடைய பொறியாளர் ‘பாதுகாப்புக்கு முன்னுரிமை அளிக்கிறோம்’ என்று பேசினார். அந்தப் பொறியாளரும் தமிழர்தான். அவரும் வாயால் ‘குடுக்கிறோம்’ என்றுதான் சொல்லியிருப்பார். ஒரே கட்டுரையில் ஒருவருக்கு மட்டும் வாக்கியத்தைத் துவைத்துத் தேய்த்துக் கொடுத்துவிட்டு, இன்னொருவரை வியர்வைச் சட்டையோடு நிறுத்தினால் அது உயிரோட்டமான நடையாகாது. ஒரு கட்டுரையில் பேச்சு வழக்கை வைப்பதென்றால் எல்லாருக்கும் வையுங்கள். எழுத்துத் தமிழாக்குவதென்றால் எல்லாருக்கும் ஆக்குங்கள். அப்போதே எழுதினேன், பதில் வரவில்லை.

அதற்கும் முன்னால் ஒரு பாட்டி தம் பேத்தியைப் பற்றிச் சொன்னது ‘அது நன்றாகப் படிக்கிறது’ என்று வந்தது. நம் வீடுகளில் சிறு பெண்ணை ‘அது’ என்பது செல்லம். எழுத்தில் அதுவே அஃறிணை. ‘அவள் நன்றாகப் படிக்கிறாள்’ என்று எழுதினால்தான் பாட்டியின் அன்பு அச்சிலும் அன்பாக இருக்கும். விகுதியை மட்டும் திருத்தி, திணையை விட்டுவிட்டார்கள். அந்தப் பெண் பள்ளியில் எத்தனை பேரிடம் கேலி வாங்கினாளோ!

தங்கள் செய்தியாளரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. பணிவான பிள்ளை. நாற்பது நிமிடம் பொறுமையாகக் கேட்டுக் கைப்பேசியில் பதிவும் செய்துகொண்டார். என் தாயார் அவருக்குப் பசியாறக் கொடுத்துத்தான் அனுப்பினார். எழுதிய பிறகு தொலைபேசியில் கூப்பிட்டு, “அம்மா, நீங்கள் சொன்னதை இப்படி எழுதியிருக்கிறேன்” என்று இரண்டு வரிகளை வாசித்துக் காட்டியிருந்தால் போதும். ‘அவர்கள்’ என்ற சொல் காதில் விழுந்த உடனேயே, “யாரைச் சொல்லுகிறாய், தம்பி?” என்று என் தாயார் கேட்டிருப்பார். கட்டுரை முழுவதையும் காட்டச் சொல்லவில்லை. அவரவர் சொன்ன வரிகளை மட்டும் அவரவருக்கு வாசித்துக் காட்டினால் ஐந்து நிமிடம் ஆகுமா?

நான் கேட்பது சிறியது. வரும் ஞாயிறு திருத்தப் பகுதியில், ‘அவர்களுக்கு மேலுக்குத்தான்’ என்றிருப்பதை ‘அவருக்கு உடம்புக்கு’ என்றும், ‘நானே’ என்பதை ‘நான்தான்’ என்றும், ‘அவர்’ என்பது காலமான தம் கணவரைக் குறிக்கிறது என்றும் மூன்று வரி போடுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் அந்த வரிகளை என் தாயாருக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். எண் தங்கள் செய்தியாளரிடம் இருக்கிறது. காலை பத்து மணிக்கு மேல் கூப்பிட்டால் அவரே எடுப்பார். காது சற்று மந்தம், நிறுத்தி வாசிக்க வேண்டும். அச்சான பிரதியைச் சித்தப்பா வீட்டுக்கு நானே எடுத்துச் செல்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
ஈசூன்