750 வாட் பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நம் கடையைத் தெரிந்தவர்களுக்குப் பெரிய முன்னுரை வேண்டாம். மிக்ஸியில் 750 வாட் என்று ஒட்டி, சின்ன மோட்டாரை விற்கிறோம் என்று ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. மிக்ஸியை வாட் மீட்டரில் செருகி ஓட்டுகிறார்கள், மீட்டர் 300-ஐத் தாண்டவில்லை. பார்த்துவிட்டு எங்களிடமே நேரில் கேட்டவர்களுக்கு முதல் நன்றி.

மீட்டர் காட்டியது சரிதான். ஆனால் அந்த வீடியோவில் ஜார் காலியாக இருக்கிறது. மிக்ஸி மோட்டார் வேலைக்கு ஏற்றபடிதான் கரண்ட் இழுக்கும். காலி ஜாரில் பிளேடு தடையின்றிச் சுற்றுவதால் கொஞ்சம்தான் இழுக்கும். ஊறவைத்த அரிசியைப் போட்டு ஓட்டுங்கள், அதே மீட்டர் ஏறுவதைப் பார்க்கலாம். ஒட்டியிருக்கும் 750 என்பது அரைக்கும் சுமையோடு மோட்டார் இழுக்கும் மின்சாரத்தின் அளவு. சந்தேகம் தீராதவர்கள் கடைக்கு வாருங்கள், உங்கள் கண்முன்னே போட்டுக் காட்டுகிறோம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வாட்டை வைத்து மட்டும் அரைக்கும் திறனைக் கணக்கிட முடியாது. 2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் பெரும்பாலும் 150 வாட்தான். அது அரைமணி நேரம் மாவு ஆட்டியும் களைப்பதில்லை, ஏனென்றால் கல் மெதுவாகச் சுற்றுகிறது. மிக்ஸி வேகத்தால் வெட்டுகிற சாதனம். அதனால் சூடும் சீக்கிரம் ஏறும். பல மாடல்களில் மோட்டார் 30 நிமிடம் என்று போட்டிருப்பார்கள். அதை ஒரே மூச்சில் ஓட்டக்கூடாது, 5 நிமிடம் ஓட்டி 2 நிமிடம் நிறுத்த வேண்டும்.

மோட்டார் போய்விட்டது என்று எங்களிடம் வரும் மிக்ஸிகளில் பெரும்பாலும் ஜார் தேர்வில்தான் கோளாறு இருக்கிறது. சமீபத்தில் ஒரு நால்வர் குடும்பத்து மிக்ஸி வந்தது. 600 கிராம் இட்லி அரிசியையும் 150 கிராம் உளுந்தையும் ஊறவைத்து, இடம் அதிகம் என்று 1.5 லிட்டர் ஜூஸ் ஜாரில் போட்டிருக்கிறார்கள். அந்த ஜாரின் பிளேடு மேல்நோக்கி வளைந்திருக்கும், நீர்த்த பொருளைச் சுழற்றித் தூக்குவதற்கு. கெட்டி மாவில் அது தன்னைச் சுற்றிக் குழி பறித்துக்கொண்டு வீணாகச் சுற்றும், மேலே இருக்கும் அரிசி கீழே இறங்காது. கரண்டியால் தள்ளிவிட்டுத் தள்ளிவிட்டு ஓட்டியதில் மிக்ஸி நின்றிருக்கிறது. அடியில் இருக்கும் சிவப்பு பட்டனை அழுத்தி அழுத்தி மறுபடி ஓட்டியிருக்கிறார்கள். அந்த பட்டன் மோட்டாரைக் காப்பாற்ற வைத்தது. சூடு ஆறும்வரை பொறுத்துத்தான் அழுத்த வேண்டும்.

அதே மாவை 1 லிட்டர் ஜாரில், தட்டையாக விரியும் பிளேடில், அரிசியை நான்கு பங்காகவும் உளுந்தைத் தனியாக ஒரு பங்காகவும் போட்டால் ஒவ்வொன்றும் சுமார் 3 நிமிடம். இடையில் 2 நிமிடம் ஆறவிட்டால் வேலை சுகமாக முடியும். ஈரப்பொருளுக்கு ஜாரில் மூன்றில் இரண்டு பங்கு, உலர்ந்ததற்கு அரை ஜார், அதற்கு மேல் வேண்டாம். சின்ன ஜாருக்குச் சட்னியும் மிளகுத்தூளும்தான் பொருத்தம், பெரிய ஜாரில் ஒரு பிடி தேங்காயைப் போட்டால் பிளேடுக்கு எட்டாது. கொம்பு மஞ்சளை எந்த ஜாரிலும் போடாதீர்கள், மில்லுக்கே அனுப்புங்கள்.

சத்தத்தைக் கவனியுங்கள். திடீரென்று கிரீச்சென உயர்ந்தால் பிளேடு குழியில் சுற்றுகிறது, கொஞ்சம் தண்ணீர் சேர்க்க வேண்டும். உறுமல்போலத் தாழ்ந்தால் சுமை அதிகம், பாதியை எடுத்துவிடுங்கள். சுமை அதிகமாக இருக்கும்போது குறைந்த வேகத்திலேயே நெடுநேரம் ஓட்டுவது மோட்டாருக்கு நல்லதென்று பலர் நினைக்கிறார்கள். மோட்டாரோடு சேர்ந்து சுற்றும் விசிறியும் அப்போது மெதுவாகிவிடும், சூடுதான் கூடும். ஒன்றாம் வேகத்தில் தொடங்கி உடனே மேலே போங்கள்.

தினம் இரண்டு வேளை சட்னியும் மசாலாவும் மட்டும் என்றால் நால்வருக்கு 500 வாட் போதும். வாரத்தில் ஓரிரு நாள் மாவும் உண்டு என்றால் 750. தினமும் மாவு ஆட்டும் பெரிய குடும்பத்துக்கு 1000 வாட் மிக்ஸியை நாங்கள் பரிந்துரைப்பதில்லை, கிரைண்டரே நல்லது. தேவைக்கு அதுவே போதுமென்றால் விலை குறைவானதைச் சொல்லி அனுப்பியிருக்கிறோம் என்பது பழைய வாடிக்கையாளர்களுக்குத் தெரியும். வீடியோ வந்த பிறகும் சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்த உங்களை மறக்கமாட்டோம்.

சர்வீஸுக்குக் கொண்டுவரும்போது ஜார்களையும் கொண்டுவாருங்கள். ஜாரின் அடியில் கறுப்பாகக் கசிந்தால் பிளேடைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது, அந்தத் தண்ணீர் மோட்டாருக்குள் இறங்குவதற்கு முன் மாற்றிவிட வேண்டும். மெக்கானிக் வேலையை விட்டுப் போனதால் இப்போதைக்கு சர்வீஸ் சனிக்கிழமை மட்டும்.

அன்புடன்,
கடை உரிமையாளர்