நான் போனை எடுக்காத நேரத்தில் மோட்டார் தானாக ஓடினால்

ஃபோர்ட் மெக்மரி,
ஆல்பர்ட்டா, கனடா
பிப்ரவரி மாதம்

அன்புள்ள செல்வி,

உடுமலைப் பையன் கொண்டுவந்த பார்சலும் உன் கடிதமும் நேற்று கிடைத்தன. பருப்புப் பொடி கொஞ்சமும் சிந்தாமல் வந்து சேர்ந்தது. நீ நாலு பக்கம் எழுதியதில் ஒன்றரைப் பக்கம் மோட்டார் ரூமைப் பற்றித்தான் இருந்தது. ராத்திரி 11.10க்கு யாரும் தொடாமல் மோட்டார் ஓடியதும், நீ எனக்கு ஐந்தாறு தடவை கூப்பிட்டதும், 1.40க்கு அது தானாக நின்றதும், விடியும்வரை நீயும் அம்மாவும் தூங்காமல் இருந்ததும் படித்த பிறகு எனக்கும் தூக்கம் இல்லை. போனில் சொன்னால் பாதி மறந்துவிடும். அதனால் முழுவதும் எழுதுகிறேன். இந்தத் தாளை மோட்டார் ரூம் கதவின் உள்பக்கம் ஒட்டிவை.

முதலில் நான் ஏன் எடுக்கவில்லை என்பது. எனக்கு வேலை காலை 7 முதல் மாலை 7 வரை. எண்ணெய் மணல் ஆலைக்குள் எரிவாயு இருப்பதால் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்த நேரம் உனக்கு இரவு ஏழரையிலிருந்து மறுநாள் காலை ஏழரை. உன் ராத்திரி முழுவதும் நான் கிடைக்க மாட்டேன். உனக்குப் பத்து மணிக்கு மேல் நான் தூங்கப் போய்விடுவேன். காலை எட்டரையிலிருந்து பத்துக்குள் கூப்பிட்டால் கட்டாயம் எடுப்பேன். மற்ற நேரத்தில் எனக்காகக் காத்திருக்காதே. மோட்டாரைத் தானாக ஓட்டி நிறுத்தும் அந்தப் பெட்டிக்கு நான் தேவையே இல்லை. எனக்கு வருவது தகவல் மட்டும்தான். நான் ஒரு வாரம் கிடைக்காவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெட்டியில் ஒரு நாளைக்கு 4 மணி நேரம் ஓட வேண்டும் என்று வைத்திருக்கிறேன். அதன் கணக்கு காலை 5 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 5 மணிக்கு முடியும். அன்று பகலில் த்ரீ ஃபேஸ் கரண்ட் ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது என்று நீயே எழுதியிருக்கிறாய். மீதி இரண்டரை மணி நேரத்தை அது மனதில் வைத்திருந்தது. ராத்திரி கரண்ட் வந்ததும் 11.10க்கு ஆரம்பித்து 1.40க்கு முடித்துக்கொண்டது. அது கோளாறு இல்லை, பாக்கியைத் தீர்த்தது, அவ்வளவுதான். இனி ராத்திரியில் ஓடினால் பகலில் எவ்வளவு ஓடியது என்று கணக்குப் பார். இரண்டும் சேர்ந்து 4 மணி நேரத்துக்குள் இருந்தால் திரும்பிப் படுத்துத் தூங்கு. அதைத் தாண்டி ஓடினால் மட்டும் போய் நிறுத்து.

ஏன் 4 மணி நேரம் என்றால், மேல் தோட்டத்தில் 140 தென்னை மரம், கீழ் தோட்டத்தில் 140 தென்னை மரம். ஒவ்வொரு மரத்துக்கும் 4 சொட்டான், ஒரு சொட்டான் மணிக்கு 8 லிட்டர். ஆக ஒரு மரத்துக்கு மணிக்கு 32 லிட்டர், 4 மணி நேரத்தில் 128 லிட்டர். ஒரு நாள் மேலே, ஒரு நாள் கீழே என்று மாற்றி விடுவதால் நாளொன்றுக்குச் சராசரி 64 லிட்டர் விழுகிறது. கோடைக்கு அது போதும். மழை பெய்தால் பெட்டிக்குத் தெரியாது, அது பாட்டுக்கு ஓடும். நல்ல மழை பெய்த மறுநாள் நீதான் நிறுத்த வேண்டும்.

வால்வு மாற்றுவது மட்டும் கைவேலை. மாரிமுத்து அதைக் காலை 5 மணிக்குள் செய்துவிட வேண்டும். அவனுக்கு ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்: அடுத்து பாய வேண்டிய வால்வை முதலில் திறந்துவிட்டு, அப்புறம்தான் பாய்ந்து முடிந்த வால்வை மூட வேண்டும். இரண்டும் மூடியிருக்கும்போது மோட்டார் எடுத்துவிட்டால் தண்ணீர் போக வழியில்லாமல் மெயின் பைப் எங்காவது ஜாயிண்டில் பிளந்துவிடும்.

கரண்ட் வந்தவுடனே அது ஏன் எடுப்பதில்லை என்று கேட்டிருக்கிறாய். 3 நிமிடம் காத்திருக்கும்படி வைத்திருக்கிறேன். ஒரு மோட்டார் எடுக்கும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப் போல் ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். நம் ட்ரான்ஸ்ஃபார்மரில் இருக்கும் அத்தனை தோட்டத்து மோட்டாரும் ஒரே நொடியில் எடுத்தால் வோல்டேஜ் படுத்துவிடும். அந்த 3 நிமிடத்தில் மூன்று ஃபேஸும் ஒழுங்காக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளும். ஒரு ஃபேஸ் இல்லாமல் மோட்டாரை ஓட்டினால் மீதி இரண்டில் கரண்ட் ஏறி, சில நிமிடங்களில் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருளான காயில் கருகிவிடும். பெட்டி எடுக்க மறுத்தால் அது உன்னோடு பிடிவாதம் பிடிக்கவில்லை, மோட்டாரைக் காப்பாற்றுகிறது.

அப்படி மறுத்தால் முதலில் பக்கத்துத் தோட்டத்து மாமாவிடம் அவர் மோட்டார் ஓடுகிறதா என்று கேள். அவருக்கும் ஓடவில்லை என்றால் கோளாறு லைனில். லைன்மேனுக்குச் சொல். அவர் எடுக்காவிட்டால் மின்வாரியப் புகார் மையமான மின்னகம், 94987 94987, எந்த நேரமும் கூப்பிடலாம். இணைப்பு எண் கேட்பார்கள், அதைக் கதவின் மேலேயே சாக்பீஸால் எழுதியிருக்கிறேன். மாமாவுக்கு ஓடி நமக்கு மட்டும் ஓடவில்லை என்றால் கோளாறு நம் ஃபியூஸ் கட்டையில். அதை மெக்கானிக் வந்து பார்க்கட்டும். ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கம் மாரிமுத்துவைக் குச்சியோடு அனுப்பாதே, எவ்வளவு அவசரமாக இருந்தாலும்.

மார்ச் பிறந்தால் அடிக்கடி வரப்போவது வேறு தகவல்: "ட்ரை ரன்". போர்வெல்லில் தண்ணீர் கீழே போய்விட்டது என்று அர்த்தம். நம் ஏழரை குதிரைச் சக்தி மோட்டார் தண்ணீர் தூக்கும்போது ஆம்பியர் முள் 13 பக்கம் நிற்கும். தண்ணீர் இல்லாமல் சும்மா சுற்றினால் பாரம் இல்லாததால் 8க்கு வந்துவிடும். 9க்குக் கீழே போனால் நிறுத்து என்று வைத்திருக்கிறேன். நிறுத்திவிட்டு 2 மணி நேரம் ஊற விடும், பிறகு எடுத்துப் பார்க்கும். மூன்று தடவை இப்படி ஆனால் சிவப்பு விளக்கைப் போட்டுப் பூட்டிக்கொள்ளும், அப்புறம் யாராவது போய் ஸ்விட்சை ஆஃப் செய்து ஆட்டோவில் போட்டால்தான் எடுக்கும். பூட்டிய உடனே விடுவிக்காதே. ஒரு ராத்திரி போர் ஊறட்டும், காலையில் விடு. தொடர்ந்து மூன்று நான்கு நாள் இப்படியே ஆனால் 4 மணி நேரத்தை 2 ஆகக் குறைத்துவிடலாம். மரம் ஒரு வாரம் பாதித் தண்ணீரில் தாங்கும், வறண்டு சுற்றிய மோட்டார் தாங்காது.

அந்த ஸ்விட்சில் "மேனுவல்" என்று ஒரு பக்கம் இருக்கிறதே, அதில் போட்டால் பெட்டியின் காவல் முழுவதும் விலகிவிடும். ட்ரை ரன் பார்க்காது, மணிக்கணக்கும் பார்க்காது. வேறு வழியே இல்லாமல் போட்டால் ஆள் பக்கத்திலேயே நின்று முள்ளைப் பார்க்க வேண்டும். போட்டுவிட்டு வீட்டுக்குச் சாப்பிட வருவது கூடாது.

தூரத்திலிருந்து நிறுத்த உன் போனே போதும். பெட்டியின் எண்ணைக் கூப்பிட்டால் அது எடுத்துத் தமிழில் பேசும். 1 அழுத்தினால் ஓடும், 2 அழுத்தினால் நிற்கும், 3 அழுத்தினால் நிலவரம் சொல்லும். உன் நம்பரும் என் நம்பரும்தான் அதில் பதிந்திருக்கின்றன. அதில் உள்ள சிம்முக்கு ரீசார்ஜ் முடிந்தால் அது ஊமையாகிவிடும், ஆனால் மோட்டார் வழக்கம்போல் ஓடும். ஊமையாக இருப்பதால் நின்றுவிட்டது என்று நினைத்து யாரையும் வைத்துப் பிரிக்க விடாதே. ரீசார்ஜ் செய்தால் போதும்.

இந்தத் தகவல்கள் எனக்கும் வருகின்றன இல்லையா, வேலை முடிந்து பஸ்ஸில் ஏறி லாக்கர் போனைத் திறந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பேன். வெளியே மைனஸ் 35. கண் இமையில் பனி ஒட்டும். கேம்ப் வாசலில் நிற்கும் கார்களுக்கு எல்லாம் வயர் மாட்டியிருப்பார்கள், ராத்திரி முழுவதும் இஞ்சினைச் சூடாக்காவிட்டால் காலையில் எடுக்காது. பக்கத்து அறைக்காரர் நியூஃபவுண்ட்லாண்ட் தீவுக்காரர், மீன்பிடிக் குடும்பம். தினமும் என் கதவைத் தட்டி "உன் தென்னை மரம் தண்ணீர் குடித்ததா?" என்று கேட்பார். நான் குடித்தது என்பேன். அவர் சந்தோஷமாகப் போய்விடுவார். சாப்பாட்டுக் கூடத்தில் சோறு கிடைக்கிறது, பொடியைப் போட்டுச் சாப்பிட்டுக்கொள்கிறேன். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். "மோட்டார் ஓடுகிறது" என்ற அந்த ஒரு வரி வரும்போது நம் சொட்டான் அடியில் மண் கறுத்து நனைவதும், நீ குடத்தோடு அந்தப் பக்கம் வருவதும் தெரிகிறது செல்வி. அதற்கு மேல் எழுத முடியவில்லை, விடு.

பெரிய செலவு வந்தால் என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். மோட்டார் எடுத்தவுடனே ட்ரிப் ஆகிக்கொண்டே இருந்தால் மெக்கானிக் "தூக்கிப் பார்த்துவிடலாம்" என்பார். 600 அடி பைப்பைக் கழற்றி ஏற்றுவதற்கே ஆள் கூலியும் வண்டி வாடகையும் ஆகும். அதற்கு முன்னால் மேலே கேபிள் நுனியில் மெக்கர் என்ற மீட்டரை வைத்துப் பார்க்கச் சொல். அது பூஜ்யம் காட்டினால்தான் காயிலோ கேபிளோ போயிருக்கிறது. அப்போதும் போர் வாயில் கேபிள் உரசித் தோல் போயிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல், அது மேலேயே சரியாகிவிடும். இரண்டையும் பார்த்த பிறகும் தூக்கத்தான் வேண்டும் என்றால் என்னைக் கேட்காமலே தூக்கச் சொல்லிவிடு. நீ எடுக்கும் முடிவு எனக்குச் சம்மதம். இந்த மாதப் பணம் ஒரு வாரம் தள்ளி வரும், ஆபீஸில் சம்பளத் தேதியை மாற்றியிருக்கிறார்கள், வேறு ஒன்றும் இல்லை. அதுவரை பெரிய அண்ணனிடம் கேட்க வேண்டாம். தேங்காய் வெட்டுப் பணத்தை வைத்துச் சமாளி.

வெட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. வியாபாரி போன தடவை எண்ணிக்கையில் லாபக்காய் கூடுதலாகக் கேட்டார் என்று எழுதியிருக்கிறாய். இந்த முறை வெட்டுக்கு முன்னாலேயே பேசிவிடு, மாரிமுத்து கூட நின்று எண்ணட்டும். அம்மாவின் கண் ஆபரேஷனை வெயில் ஏறுவதற்கு முன்னால் முடித்துவிடுவது நல்லது. மச்சானைக் கூட அழைத்துப் போ. பாப்பாவுக்கு ஸ்கூல் ஃபீஸ் கடைசித் தேதி என்று? பதிலில் எழுது. கீழ் தோட்டத்து வேலி விஷயத்தில் அண்ணன் பேச்சு எடுத்தால் நான் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று மட்டும் சொல், கையெழுத்து எதுவும் போடாதே.

அடுத்த பார்சலில் பொடி மட்டும் போதும், முறுக்கு வேண்டாம், உடைந்துவிடுகிறது. பெட்டியின் சிம் ரீசார்ஜ் இந்த மாதக் கடைசியில் முடிகிறது, மறக்காதே.

உன்,
சிவா