2,375 என்றால் இரண்டு யூரோ சொச்சமா, இரண்டாயிரத்துச் சொச்சமா? அக்கவுண்ட்ஸ் மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அம்பத்தூர், கிண்டி, ஒரகடம் பக்கம் ஏற்றுமதி நிறுவனங்களில் அக்கவுண்ட்ஸ் பிரிவை நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பாவிலிருந்து மெயிலில் வரும் தொகைகளை காப்பி செய்து எக்செல்லில் ஒட்டும் வேலையை உங்கள் ஆபீஸிலும் யாரோ ஒருவர் செய்துகொண்டிருப்பார், பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவர். தொகை தப்பானால் "பார்த்து அடிக்கக்கூடாதா?" என்று திட்டு வாங்குவதும் அவர்தான். அவர் எதையும் அடிக்கவே இல்லை. வந்ததை அப்படியே ஒட்டினார், தப்பு அங்கேதான் நடந்தது.

ஜெர்மனியில் ஆயிரத்தைப் பிரிப்பது புள்ளி, தசமத்துக்குக் கமா. நமக்கு நேர் எதிர். விண்டோஸில் English (India) என்று வைத்திருக்கும் நம் கம்ப்யூட்டரில் எக்செல் அந்த செட்டிங்கை நம்பித்தான் படிக்கும், எண் எந்த ஊரிலிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. 1.250,75 என்று முழுசாக வந்தால்கூடப் பரவாயில்லை, அதை எண்ணாகப் படிக்க முடியாமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும் (SUM அதைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகும், அது வேறு வம்பு). குறிக்குப் பின்னால் சரியாக மூன்று இலக்கம் நிற்கும் எண்தான் ஆபத்து, ஏனென்றால் அது இரண்டு ஊரிலும் செல்லும்.

ரப்பர் புஷ் ஆர்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வரியில் எண்ணிக்கை 1.200, விலை 2,375 யூரோ. அதாவது ஆயிரத்து இருநூறு புஷ், ஒன்று 2.375 யூரோ, மொத்தம் 2,850. ஒட்டியதும் எண்ணிக்கை 1.2 ஆகிவிடும், விலை 2375 ஆகிவிடும். பெருக்கிப் பாருங்கள், அதே 2,850! ஒன்று ஆயிரம் மடங்கு குறைந்தது, இன்னொன்று ஆயிரம் மடங்கு ஏறியது, இரண்டும் அடிபட்டுப் போய் மொத்தம் சரியாக நிற்கிறது. மேலே உட்கார்ந்து மொத்தத்தை மட்டும் பார்க்கிற நீங்கள் டிக் போட்டுவிடுவீர்கள். அடுத்த வரியில் அதே புஷ் 750. அதில் புள்ளியே இல்லாததால் 750 ஆகவே இருக்கும், விலை மட்டும் 2375. வர வேண்டியது 1,781.25 யூரோ, திரையில் நிற்பது 17,81,250. இப்போதுதான் கூச்சல் கிளம்பும், அதுவும் இரண்டாவது வரியில் மட்டும் தேடுவார்கள்.

இதைக் கண்டுபிடிக்க மொத்தத் தொகையைப் பார்த்துப் பயனில்லை, எண்ணிக்கையைக் கூட்டிப் பாருங்கள். அவர்கள் அனுப்பிய பிடிஎப்பில் 1.950 என்று இருக்கும், நம் ஷீட்டில் 751.2. முதல் வரியில் நிற்பது 1.2, ஒன்றேகால் புஷ்ஷுக்கும் குறைவாக ஒருவன் ஆர்டர் போடுவானா? எழுத்தாக நின்றுபோனவை செல்லில் இடது பக்கம் ஒட்டிக்கொள்ளும், எண்கள் வலது பக்கம். அழகுக்காக எல்லாவற்றையும் நடுவில் கொண்டுவரும் பழக்கத்தை தயவுசெய்து விடுங்கள், இருக்கிற ஒரே அடையாளமும் அதில் போய்விடுகிறது.

சரி, வழி என்ன? ஒட்டுவதற்கு முன்னாலேயே அந்த நெடுவரிசையை Text என்று மாற்றிவிட்டு, Paste Special போய் வெறும் டெக்ஸ்டாக ஒட்ட வேண்டும். அப்புறம் பக்கத்து நெடுவரிசையில்:

```
=NUMBERVALUE(A2,",",".")
```

முதலில் தசமக் குறி, அடுத்தது ஆயிரக் குறி. எக்செல் 2013 முதல் இது இருக்கிறது. ஒட்டியது ஏற்கெனவே எண்ணாகிவிட்டால் மட்டும் இதைப் போடாதீர்கள். 1.200 உள்ளே 1.2 ஆகிவிட்டதால், இந்த ஃபார்முலா அந்தப் புள்ளியைத் தூக்கி 12 என்று கொடுக்கும். தொலைந்த சைபர்கள் திரும்ப வராது, மெயிலைத் திறந்து மறுபடி ஒட்ட வேண்டியதுதான்.

நாம் அனுப்பும்போதும் இதே கதைதான். 85,000 என்று மெயிலில் எழுதினால் ஜெர்மன் எக்செல்லில் அது வெறும் 85. லட்சக் கணக்கில் 1,25,000 என்று போட்டால் இரண்டு கமா வந்ததும் அந்த எக்செல் அதை எண்ணாகவே எடுக்காது, படிக்கிற ஆளோ ஒரு இலக்கம் விட்டுப்போச்சா என்று யோசிப்பார். லட்சக் கமாவில் எந்தத் தப்பும் இல்லை, நம் வவுச்சரிலும் செக்கிலும் அது இருக்கட்டும். வெளிநாட்டு மெயிலில் மட்டும் 125000 என்று கமாவே இல்லாமல் போகட்டும். எடை அளவுகளுக்கான பொது மாநாடு 2003லேயே தசமத்துக்குப் புள்ளியோ கமாவோ எதுவானாலும் சரி, ஆனால் இலக்கங்களைப் பிரிக்க இரண்டையுமே போடாதீர்கள் என்று சொல்லிவிட்டது. யார் கேட்டார்கள்?

இதையெல்லாம்விட நல்லது, மெயில் உடம்பில் எண்களை வாங்குவதையே நிறுத்துவது. xlsx ஃபைலாகவே அனுப்பச் சொல்லுங்கள். அதற்குள் எண் எண்ணாகவே இருக்கும், ஜெர்மனியில் கமாவாகவும் சென்னையில் புள்ளியாகவும் அதுவே காட்டிக்கொள்ளும். வாடிக்கையாளரிடம் இதைக் கேட்கும் மெயிலை நேற்றுச் சேர்ந்த பெண்ணால் எழுத முடியாது, உங்கள் பெயரில்தான் போக வேண்டும். இந்த வாரமே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
இன்வாய்ஸ் சரிபார்க்கும் ஒருவர், சென்னை