பழ ஈக்கள் பற்றி, மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று நீ போனில் சொன்னதை இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளை வினிகரைக் கிண்ணத்தில் ஊற்றி வாழைப்பழத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறாய். மூன்று நாளில் மூன்று பூச்சிதான் விழுந்தது, பழத்தின் மேல் மொய்ப்பது மட்டும் கூடிக்கொண்டே போகிறது என்றாய். ஸ்பிரே வாங்கலாமா என்றும் கேட்டாய். வேண்டாம் அம்மா, உண்ணும் பழத்துக்குப் பக்கத்தில் அதை அடிக்கவே வேண்டாம். பொறி வைத்தது சரிதான். வைத்த விதம்தான் கைகொடுக்கவில்லை.

இந்தப் பூச்சிகள் பழத்தை மட்டும் தேடி வருவதில்லை. பழம் கனிந்து புளிக்கத் தொடங்கும்போது அதில் வளரும் ஈஸ்ட்தான் அவற்றின் சாப்பாடு, புழுக்களுக்கும் அதுவே. அந்தப் புளித்த வாசனையைப் பிடித்துக்கொண்டுதான் வருகின்றன. வெள்ளை வினிகரில் காட்டமான புளிப்பு நெடி மட்டும்தான் உண்டு, பழ வாசனை கிடையாது. பக்கத்திலேயே நன்றாகக் கனிந்த மாம்பழம் இருக்கும்போது உன் கிண்ணத்தை அவை ஏன் தேடப்போகின்றன?

அதனால் இன்று மாலை முதலில் பழத்தையெல்லாம் எடுத்துவிடு. கனிந்த மாம்பழத்தைக் குளிர்பெட்டியில் வை. வாழைப்பழத்தையும் வைக்கலாம். தோல் கறுக்கும், உள்ளே ஒன்றும் ஆகாது. அப்புறம் ஒரு கண்ணாடி டம்ளரில் இரண்டு விரல் உயரத்துக்கு ஆப்பிள் சிடர் வினிகர் ஊற்றி, பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரே ஒரு சொட்டு விட்டு மெதுவாகக் கலக்கு. நுரை வரக் கூடாது. அந்தச் சொட்டு இல்லாவிட்டால் பூச்சி நீர்ப்பரப்பின் மேலேயே நின்று குடித்துவிட்டுப் பறந்துவிடும். சொட்டு விழுந்தால் பரப்பு தாங்காது, மூழ்கிவிடும். அதிகமாக விட்டால் சோப்பு வாசனை வினிகரை அமுக்கிவிடும். பழம் இருந்த அதே இடத்தில் டம்ளரை வைத்துவிட்டு மறுநாள் காலை வரை தொடாதே. மாலையிலும் காலையிலும்தான் அவை அதிகம் நடமாடும்.

அந்த வினிகர் கிடைக்கவில்லை என்றால் கனிந்த வாழைப்பழத் துண்டு ஒன்றே போதும். அதை டம்ளருக்குள் போட்டு, காகிதத்தைப் புனலாகச் சுருட்டி வாயில் செருகு. அடித்துளை அரிசி நுழையும் அளவு இருக்கட்டும், பழத்தைத் தொடாமல் தொங்கட்டும். விளிம்பில் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டிவிடு. உள்ளே போனவை வெளிச்சத்தை நோக்கி மேலே ஏறி ஓரங்களில் சுற்றுமே தவிர, நடுவில் உள்ள துளையைச் சட்டென்று கண்டுபிடிக்காது. ஆனால் இதில் ஒரு ஆபத்து உண்டு. மாட்டிய பெண் ஈக்கள் அந்தத் துண்டிலேயே முட்டையிடும். பொறி என்று வைத்தது ஒரு வாரத்துக்கு மேல் இருந்தால் பண்ணையாகிவிடும். நான்கைந்து நாளுக்கு ஒருமுறை டம்ளரை அப்படியே ஃப்ரீஸரில் ஒரு இரவு வைத்துவிட்டு, பிறகு கொட்டிக் கழுவு.

இனி நான் மிகவும் சொல்ல நினைத்தது. பொறி பறப்பவற்றை மட்டுமே பிடிக்கும். வெதுவெதுப்பான வீட்டில் முட்டை ஈயாக மாற ஏறக்குறைய 10 நாள்தான் ஆகும். ஆகையால் எங்கோ வளரும் இடம் இருந்தால் டம்ளர் தினமும் நிறையும், ஈ குறையாது. எனக்கு ஒருமுறை அப்படித்தான் ஆனது. பழத்தையெல்லாம் எடுத்த பிறகும் 12 நாள் தொடர்ந்து வந்தன. கடைசியில் குப்பைத்தொட்டியைத் தூக்கிப் பார்த்தேன். பைக்குக் கீழே கசிந்த மாம்பழச் சாறு பிசுபிசுவென்று இருந்தது, அதில் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. அதைக் கழுவிய பின்னும் ஒரு வாரம் சில பறந்தன, ஏற்கெனவே கூட்டுப்புழுவானவை வெளிவந்ததுதான். பிறகு நின்றுவிட்டது. நீயும் தொட்டியின் அடி, ஈரமான துடைப்புத்துணி, கழுவாத ஜூஸ் பாட்டில், கூடையின் அடியில் நசுங்கிய பழம் எல்லாவற்றையும் பார்.

பறப்பவை பழ ஈதானா என்பதையும் பார்த்துக்கொள். பழுப்பு உடலும் சிவப்புக் கண்ணும் இருந்தால் அதுதான். சாம்பல் நிறத்தில், அந்துப்பூச்சி மாதிரி மயிரடர்ந்த இறக்கையோடு சுவரில் உட்கார்ந்தால் அது சாக்கடைக் குழாயில் வளர்வது, வினிகருக்கு அவ்வளவாக மசியாது. மாம்பழத்தை வெட்டும்போது சதைக்குள் புழு இருந்தால் அது வேறு ஈ. தோட்டத்திலேயே காயின் தோலைத் துளைத்து முட்டையிட்டது. அந்தப் பழத்தைத் தூக்கிப் போட்டுவிடு.

புதிதாகப் பழம் வாங்கி வந்தால் காம்புப் பக்கத்தைத் தேய்த்துக் கழுவி ஈரம் போகத் துடைத்து வை. எல்லா முட்டையும் போகாது, ஆனாலும் குறையும்.

இரண்டு வாரம் பொறி வைப்பதை நிறுத்தாதே. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது எத்தனை விழுந்தது என்று எண்ணிச் சொல். முதல் நாளைவிடக் கூடியிருந்தால் குப்பைத்தொட்டியை இன்னொரு முறை இருவரும் சேர்ந்து வீடியோவில் பார்ப்போம்.

அன்புடன்,
அம்மா