மழை நாளும் வெட்டு இல்லாத நாளும்

விளம்பர ஸ்கிரிப்டுக்கு ஒப்புதல் தரும் தலைமை அலுவலகத்தாருக்கு,

வணக்கம். உங்கள் ஆங்கில விளம்பரங்களை நாகர்கோவிலில் இருந்து தமிழாக்கிக் கொடுப்பவன் நான். போன மழைக்காலத்தில் ஒரு சேமிப்புத் திட்டத்துக்கு 30 விநாடி விளம்பரம் வந்தது. காபிக் கடைக் கண்ணாடிக்கு வெளியே மழை, உள்ளே ஓர் இளம்பெண்ணின் புன்னகை, கடைசி வரி 'சேவ் ஃபார் எ ரெய்னி டே'. கூடவே ஒரு குறிப்பு: வார்த்தை மாறக் கூடாது.

மாறாமல் எழுதினால் 'மழை நாளுக்காகச் சேமியுங்கள்' என்று வரும். ஆங்கிலத்தில் மழை நாள் என்றால் கஷ்ட காலம். நமக்கு மழை பொய்த்தால்தான் கஷ்டம். கேட்பவர் குடை விளம்பரம் என்று நினைப்பார்.

ஆனால் எங்கள் குமரி மாவட்டத்து குலசேகரம், அருமனைப் பக்கம் மழை உண்மையிலேயே கூலியைக் கெடுக்கும். அங்கே விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டுவார்கள். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டிய கோட்டில் ஓடாமல் மரமெங்கும் வழிந்துவிடும், பால் பிடிக்கிற சிரட்டைக்குள் மழைத்தண்ணீர் நிறையும். அன்று வெட்டு இல்லை. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில் அப்படிப்பட்ட நாட்கள் கொஞ்சமல்ல.

அதனால் காபிக் கடையை எடுத்துவிட்டேன். விடியலில் கதவைத் திறக்கிறார் ஒரு தொழிலாளி, வெளியே மழை. கத்தியைத் திரும்ப மாட்டுகிறார். "அப்பா, இன்னைக்கு வெட்டு இல்லியா?" என்கிறாள் மகள். "வெட்டு இல்ல மக்களே, துட்டு உண்டு." அவ்வளவுதான் வசனம். 'மக்களே' என்பது எங்கள் ஊரில் பிள்ளையைக் கூப்பிடும் சொல்.

பால் வெட்டுகிற ஒருவரிடம் படித்துக் காட்டினேன். சிரித்தார், அப்புறம் ஒரு திருத்தம் சொன்னார்: மரத்தில் மழைக்காப்பு பிளாஸ்டிக் கட்டிய தோட்டத்தில் மழையிலும் வெட்டு உண்டு. ஆகவே காட்சியில் பிளாஸ்டிக் கட்டாத மரம்தான் வர வேண்டும். இதை எந்த அகராதியும் சொல்லாது.

உங்களிடம் போனதும் என் ஸ்கிரிப்ட் தள்ளுபடியானது. என் தமிழை யாரோ வரிக்கு வரி ஆங்கிலமாக்கியிருக்கிறார்கள். 'வெட்டு' அங்கே 'கட்டிங்' ஆகிவிட்டது. "மழை என்ற சொல் எங்கே? யாரை வெட்டுகிறார்கள்?" என்று கேட்டீர்கள். மூலத்தோடு ஒத்துப்போகிறதா என்பதற்கு அந்தச் சோதனை சரி. வேண்டுமென்றே மூலத்தை விட்டு விலகிய வரியை அது எப்போதும் தோற்கடிக்கும். வரிக்குப் பக்கத்தில் 'வேலை நின்ற நாளிலும் கையில் பணம் இருக்கும்' என்று நோக்கத்தையும் எழுதி, அதை வைத்துப் பாருங்கள்.

எல்லாவற்றையும் மாற்ற நான் கேட்கவில்லை. வட்டி விகிதம், நிபந்தனை, திட்டத்தின் பெயர் இவற்றில் ஓர் எழுத்தைக்கூடத் தொட மாட்டேன். அவற்றுக்கு நேர் மொழிபெயர்ப்புதான். மேலும் இந்த வரி ரப்பர் மலையடிவாரத்துக்கு உரியது. குளச்சல் கடற்கரையில் 'வெட்டு' வேறு அர்த்தம் தரும். அங்கே வள்ளம் இறங்காத நாளை வைத்து வேறு எழுத வேண்டும்.

அடுத்த முறை முடிந்த ஸ்கிரிப்டுக்கு முன்னால் யாருக்குச் சொல்கிறோம், எதை நம்பவைக்க வேண்டும், எதை மாற்றக் கூடாது என்ற மூன்றையும் அரைப் பக்கத்தில் அனுப்புங்கள். படப்பிடிப்பு முடிந்தபின் அனுப்பினால் காபிக் கடையை என்னால் ரப்பர் தோட்டமாக்க முடியாது.

இப்படிக்கு,
நாகர்கோவிலில் உங்கள் தமிழ் எழுதுபவன்